ஒத்து அறுபடும் இடம்: கச்சேரிப் பதிவைத் துண்டு போடும்போது நுழையும் 32 மில்லிசெகண்டு

வேலைக்கு வந்தவை இரண்டு பதிவுகள். ஒன்று, தேவிபட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக் கோயில் திருவிழாவில் நடந்த நாதஸ்வரக் கச்சேரி. 2 மணி 10 நிமிடம், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, ஒரே வேவ் ஃபைல். இன்னொன்று, கீழக்கரையில் ஐந்து இரவு நடந்த சீறாப்புராணத் தொடர் சொற்பொழிவு. இரவுக்குச் சுமார் 100 நிமிடம், இருபது இருபது நிமிட எம்பி3 துண்டுகளாகக் கைக்கு வந்தது.

இரண்டிலும் ஒரே புகார்: "நடுவுல நடுவுல விக்குது." கச்சேரியில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் விக்குகிறது. சொற்பொழிவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கிறது. அறிகுறி ஒன்றுதான் என்றாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கச்சேரியிலிருந்து தொடங்கலாம்; அதில்தான் கணக்கு சுத்தமாக விழுகிறது.

எங்கே விக்குகிறது

கச்சேரியை 11 தடங்களாக வெட்டி, தனித்தனியே எம்பி3 ஆக்கியிருந்தார்கள். நான்காவது தடம் ஆலாபனை, சரியாக 7 நிமிடம் 20 வினாடி. ஐந்தாவது கீர்த்தனை. நாதஸ்வரக்காரர் அங்கே மூச்சு விட நிறுத்துகிறார், தவிலும் சும்மா இருக்கிறது. சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் நிற்கவே இல்லை. அந்தச் சுருதிதான் காட்டிக்கொடுக்கிறது. கைத்தட்டலிலோ கூட்டச் சத்தத்திலோ 30 மில்லிசெகண்டு காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. ஒரே சீராக ஓடும் ஒத்தில் அவ்வளவு வெற்றிடம் விழுந்தால் நூலைக் கத்தரித்து முடிச்சுப் போட்டது போல உறுத்தும். தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே வெட்டினால் இன்னும் மோசம். தவில் வினாடிக்குப் பத்து அடி ஓடுகிறது என்றால் அடிக்கும் அடிக்கும் இடையே 100 மில்லிசெகண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ந்தால் காலப்பிரமாணம் இடறியது போலவே தெரியும்; பழியைத் தவில்காரர் சுமப்பார்.

வெற்றிடம் எங்கிருந்து வருகிறது

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட ஃப்ரேம்களாக அடைக்கிறது. ஃப்ரேம்கள் செங்கல் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. பனையோலைக் கூரை மாதிரி, ஒன்றின் பாதி அடுத்ததன் மேல் படிந்திருக்கும். எந்த இடத்து ஒலியும் முழுதாகத் திரும்பக் கிடைக்க, அதன் மேல் படியும் இரண்டு ஓலையும் வேண்டும். ஓரத்து ஓலைக்குத் துணை இல்லை. அதனால் என்கோடர் தன் கையிலிருந்து வெற்று ஒலியை முன்னால் வைத்துத்தான் வேய ஆரம்பிக்கிறது. லேம் என்கோடர் அப்படி வைப்பது 576 சாம்பிள். டிகோடர் தன் பங்குக்கு 529 சாம்பிள் தாமதிக்கிறது. இரண்டும் சேர்ந்து 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிசெகண்டு. ஒவ்வொரு தடத்தின் தலையிலும் இந்த மௌனம் உண்டு.

வாலிலும் உண்டு. கடைசி ஃப்ரேமைப் பாதியில் நிறுத்த முடியாது என்பதால் 1152-இன் முழு மடங்கு வரும்வரை பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது. கடைசி ஒலியும் டிகோடரின் தாமதத்தைத் தாண்டி வெளியே வர வேண்டுமே. அதற்காக அந்த நிரப்பல் 576-க்குக் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது.

நான்காவது தடத்தைக் கணக்குப் போட்டால்:

```
440 வினாடி × 44100           = 19404000 சாம்பிள்
முன்னால் 576 சேர்த்தால்        = 19404576
1152-ஆல் வகுத்தால் மீதி        = 288
பின்னால் நிரப்புவது 1152 - 288 = 864
மொத்தம் 16845 ஃப்ரேம்         = 19405440 சாம்பிள்
```

எதையும் வெட்டாமல் அப்படியே வாசிக்கும் பிளேயரில் நான்காவது தடத்தின் வாலில் 864 − 529 = 335 சாம்பிள் மௌனம். ஐந்தாவதின் தலையில் 1105. கூட்டினால் 1440 சாம்பிள், 32.65 மில்லிசெகண்டு.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. லேம் ஃபைலின் முதல் ஃப்ரேமில் ஒலியை வைப்பதில்லை. `Info` அல்லது `Xing` என்று தொடங்கும் ஒரு குறிப்பை வைக்கிறது. அதைக் குறிப்பு என்று அறியாத பழைய பிளேயர் அதையும் ஒரு மௌன ஃப்ரேமாக வாசித்துவிடும். அப்போது இடைவெளி 1440 + 1152 = 2592 சாம்பிள், 58.8 மில்லிசெகண்டு. ஒரே பென்டிரைவ் ஒரு கருவியில் லேசாகவும் இன்னொன்றில் பலமாகவும் விக்குவதற்கு இது ஒரு காரணம்.

1152-இன் மடங்கில் வெட்டினால் இடைவெளி வராது என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. வரும். தடத்தின் நீளம் 1152-இன் முழு மடங்கு என்றாலும் முன்னால் 576, பின்னால் 576 போட்டே தீரும். இடைவெளி 26 மில்லிசெகண்டுக்குக் குறையாது. மோசமான நிலையில் 52 வரை போகும். தனித்தனியே என்கோடு செய்யும்வரை எங்கே வெட்டினாலும் இதற்குக் கீழே இறங்க வழியில்லை.

குறிப்பு இருக்கிறதா, பிளேயர் மதிக்கிறதா

லேம் அந்த முதல் ஃப்ரேமுக்குள்ளேயே 'முன்னால் 576, பின்னால் 864' என்று எழுதி வைக்கிறது. படிக்கத் தெரிந்த பிளேயர் இரண்டையும் நறுக்கிவிட்டு, மிச்சத்தை அடுத்த தடத்தோடு ஒட்டிவிடும். ஆகவே முதல் கேள்வி, குறிப்பு ஃபைலில் இருக்கிறதா என்பது.

```
ffprobe -hide_banner t04.mp3
```

`Duration` வரியில் `start: 0.025057` என்று வந்தால் குறிப்பு இருக்கிறது (1105 ÷ 44100 = 0.025057). `start: 0.000000` என்றால் இல்லை. நறுக்கிய நீளம் சரிதானா என்று பைட் எண்ணியும் பார்த்துவிடலாம். ஸ்டீரியோ 16 பிட்டில் ஒரு சாம்பிளுக்கு 4 பைட்.

```
ffmpeg -v error -i t04.mp3 -f s16le - | wc -c
mpg123 -q --no-gapless -s t04.mp3 | wc -c
```

முதல் கட்டளை 77616000 காட்ட வேண்டும். அது 19404000 × 4. இரண்டாவது நறுக்காமல் கொடுப்பது. அதில் எண் பெரிதாக, 77621760 பக்கம் வரும். முதலாவதிலேயே பெரிய எண் வந்தால் குறிப்பு தொலைந்துவிட்டது என்று பொருள்.

பாட்டுப் பெயர், படம் மாற்றுவதால் இந்தக் குறிப்பு தொலைவதில்லை. அவை இதற்கு முன்னால் தனியாக உட்காருகின்றன. தொலைப்பவை எம்பி3-யை நேரடியாக வெட்டும், ஒட்டும் கருவிகள். அவை முதல் ஃப்ரேமை எறிந்துவிடும், அல்லது பழைய எண்களை அப்படியே விட்டுவிடும். பழைய எண் இருப்பது இல்லாததைவிடக் கெடுதல். பிளேயர் அதை நம்பி நல்ல ஒலியை நறுக்கிவிடும்.

என்கோடரா, பிளேயரா

குறிப்பு ஃபைலில் சரியாகவே இருந்தது. கணினியில் foobar2000-இல் விக்கல் இல்லை. கோயில் மைக் செட்டில் பலமாக விக்கியது. இங்கே அவசரப்பட்டு மறுபடி என்கோடு செய்ய உட்கார்ந்துவிடக் கூடாது. முதலில் ஒரு சோதனை.

30 வினாடி ஒரே சுருதியை உண்டாக்கி, மூன்றாக வெட்டி, வேவ் ஆகவும் எம்பி3 ஆகவும் பென்டிரைவில் போட வேண்டும்.

```
sox -n -r 44100 -b 16 -c 2 tone.wav synth 30 sine 220.025 vol 0.5
sox tone.wav a.wav trim 0 441000s
sox tone.wav b.wav trim 441000s 441000s
sox tone.wav c.wav trim 882000s
for f in a b c; do lame -b 192 $f.wav $f.mp3; done
```

220 என்று வட்டமாகப் போடாமல் 220.025 போட்டதற்குக் காரணம் உண்டு. 10 வினாடியில் 2200 சுற்றும் கால் சுற்றும் ஓடும். முதல் வெட்டு அலையின் உச்சியில் விழும். இரண்டாவது வெட்டு பூஜ்ஜியத்தில் விழும். உச்சியில் வெட்டிய இடம் 'டக்' என்று கேட்கும், பூஜ்ஜியத்தில் வெட்டியது மெல்லிய தடங்கலாகத்தான் கேட்கும். எந்த இடம் காதை அதிகம் உறுத்தும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க இது உதவும்.

ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டிலிருந்து மடிக்கணினிக்கு ஒயர் போட்டு, ஓடுவதைப் பதிவு செய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். காதை நம்பி 30-ஐயும் 60-ஐயும் பிரிக்க முடியாது. திரையில் தட்டையான கோட்டின் நீளத்தை அளந்துவிடலாம். எம்பி3-க்குக் கணக்குப்படி வர வேண்டியது 31 மில்லிசெகண்டு (441576-ஐ 1152-ஆல் வகுத்தால் மீதி 360, நிரப்பல் 792; 576 + 792 = 1368 சாம்பிள்).

ஆம்ப்ளிஃபயரில் இருந்த யூ.எஸ்.பி. போர்டில் வந்தது வேறு. எம்பி3-இல் தட்டைக் கோடு அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. வேவ் ஃபைலிலும் ஏறத்தாழ அதே. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நீளம் கொஞ்சம் மாறியது. வேவுக்கு முன்னால் பின்னால் நிரப்பல் எதுவும் கிடையாது. ஆகவே அந்த அரை வினாடி, போர்டு ஒரு ஃபைலை மூடி அடுத்ததைத் திறக்க எடுக்கும் நேரம். என்கோடரின் இடைவெளி எத்தனை முறை ஓட்டினாலும் சாம்பிள் பிசகாமல் ஒரே அளவாக இருக்கும். பிளேயரின் இடைவெளி ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை மாறும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

ஒரு பழைய கைப்பேசியில் வேவ் சுத்தமாக ஒட்டியது. எம்பி3-இல் அச்சாக 2520 சாம்பிள். அது 1368-உம் 1152-உம். `Info` ஃப்ரேமையும் சேர்த்து வாசிக்கிற கருவி என்று எண்ணே சொல்லிவிட்டது.

கச்சேரிக்குச் செய்தது

வெட்டிய எம்பி3-களைத் தொடவில்லை; மூல வேவ் கையில் இருக்கும்போது அவற்றைச் சரிசெய்வது வீண் வேலை. கேட்பவர்கள் இரண்டு வகை என்பதால் இரண்டு வடிவம் செய்தோம்.

கைப்பேசியிலும் கணினியிலும் கேட்பவர்களுக்கு ஃப்ளாக். அதில் தாமதமும் இல்லை, நிரப்பலும் இல்லை. கடைசி ஃப்ரேம் எவ்வளவு குட்டையாகவும் இருக்கலாம். கொடுத்த சாம்பிள் எண்ணிக்கை அப்படியே திரும்பி வரும். நான்காவது தடம் 31:05-இல் தொடங்கி 38:25-இல் முடிகிறது.

```
flac --skip=82246500  --until=101650500 -o t04.flac kacheri.wav
flac --skip=101650500 --until=130095000 -o t05.flac kacheri.wav
```

`--until` கொடுத்த சாம்பிளைச் சேர்த்துக்கொள்ளாது, அதற்கு முந்தியதோடு நிற்கும். எனவே ஒன்றின் `--until` எண்ணையே அடுத்ததன் `--skip`-இல் போட வேண்டும். ஒன்று கூட்டியோ குறைத்தோ போடக் கூடாது. நிமிடம் வினாடியில் வெட்டினால் ஏதாவது ஓர் இடத்தில் தசமத்தை வட்டமாக்கிவிடுவோம்; சாம்பிள் எண்ணிலேயே வெட்டுவது நல்லது. 11 தடமும் ஆன பிறகு ஒட்டிப் பார்க்க வேண்டும்:

```
sox t*.flac joined.wav
ffmpeg -v error -i joined.wav  -f md5 -
ffmpeg -v error -i kacheri.wav -f md5 -
```

இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால் ஒரு சாம்பிள்கூடச் சிந்தவில்லை. ஒத்துப்போகாவிட்டால் `soxi -s` வைத்து ஒவ்வொரு தடத்தின் சாம்பிள் எண்ணிக்கையையும் வெட்டிய எண்களோடு ஒப்பிட்டால் எந்த வெட்டில் பிசகு என்று பிடிபடும்.

எம்பி3 தான் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தனித்தனியே என்கோடு செய்து குறிப்பை நம்பினால் நீளம் சரியாக வரும்; ஆனாலும் ஓரத்தில் ஒரு சின்னக் கறை தங்கும். ஐந்தாவது தடத்தை என்கோடு செய்யும்போது என்கோடருக்கு அதற்கு முன்னால் ஒத்து ஓடிக்கொண்டிருந்தது தெரியாது. மௌனத்திலிருந்து திடீரென்று முழுச் சுருதி எழுவதாக எடுத்துக்கொண்டு பிட்டுகளைச் செலவழிக்கும். அந்தத் திடீர் எழுச்சியின் கரகரப்பு ஓரத்தில் படியும். உச்சியில் வெட்டிய சோதனைச் சுருதியில் ஹெட்ஃபோன் போட்டால் இது கேட்கிறது. இதற்கு லேமின் `--nogap` இருக்கிறது. எல்லாத் தடத்தையும் ஒரே ஓட்டமாக என்கோடு செய்து, ஃப்ரேம் எல்லையில் ஃபைலை மாற்றும். வேவ் தடங்களையும் மேலே சொன்ன சாம்பிள் எண்களிலேயே `sox ... trim` வைத்து வெட்டிக்கொள்ளலாம்.

```
mkdir out
lame -b 192 --nogapout out --nogap t01.wav t02.wav t03.wav
```

`--nogapout` முன்னால் வர வேண்டும், `--nogap` கடைசியில். ஃபைல்கள் வரிசை மாறினால் எல்லாம் வீண், ஏனென்றால் ஒரு தடத்தின் கடைசி ஃப்ரேமில் அடுத்த தடத்தின் முதல் சில சாம்பிள் உட்கார்ந்திருக்கும். அதனாலேயே தடத்தின் தொடக்கம் ஒரு ஃப்ரேமுக்கு உட்பட்டு முன்பின் நகரும், கேட்பவருக்குத் தெரியாது. பெரிய குறை வேறு. இப்படிச் செய்த தடங்களை வரிசையாகக் கேட்டால்தான் பலன். தனித் தடமாக எடுத்தாலோ கலைத்துப்போட்டுக் கேட்டாலோ ஓரம் முரட்டுத்தனமாக இருக்கும். அப்போதும் அது ஒரு மெல்லிய வெட்டுதான், 32 மில்லிசெகண்டு மௌனம் இல்லை.

மைக் செட்டுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. போர்டே அரை வினாடி எடுத்துக்கொள்கிறது என்றால் எல்லையை ஒட்ட முடியாது. எல்லையையே குறைக்க வேண்டும். 192 கிலோபிட்டில் முழுக் கச்சேரியும் ஒரே எம்பி3 என்றால் சுமார் 187 எம்.பி. அது போர்டுக்குச் சுமை இல்லை. மைக் செட்காரர் மறுத்தார். மல்லாரி முடிந்ததும் வேண்டுமானால் நிறுத்தவும், கடைசிப் பகுதிக்குத் தாவவும் வசதி வேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம். கடைசியில் மூன்று ஃபைல் என்று முடிவானது. கைத்தட்டல் உள்ள இரண்டு இடங்களில் மட்டும் வெட்டி, முந்தியதன் வாலில் 2 வினாடி ஒலியைத் தேய்த்து, அடுத்ததன் தலையில் அரை வினாடி எழும்ப விட்டோம். இரு பக்கமும் ஏற்கெனவே மௌனம் என்பதால் நடுவில் அரை வினாடி கூடினாலும் யாரும் கவனிப்பதில்லை. ஆலாபனையும் கீர்த்தனையும் ஒரே ஃபைலுக்குள் போனதால் ஒத்து அறுபடவில்லை.

சொற்பொழிவு: ஒட்டியதால் வந்த கேடு

கீழக்கரைப் பதிவில் கதை தலைகீழ். துண்டுகளை ஒரு கடையில் கொடுத்து, இரவுக்கு ஒன்றாக ஒட்டி வாங்கியிருந்தார்கள். ஆக ஒரே ஃபைல்தான். பிளேயரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 20, 40, 60-ஆவது நிமிடங்களில் டிக். அலைவடிவத்தில் பார்த்தால் அந்த இடங்களில் பேச்சு மட்டும் நிற்கவில்லை. மின்விசிறி இரைச்சல், கடல் காற்று மைக்கில் உரசும் சத்தம், பின்னால் ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வெட்டாகச் செத்து, மீண்டும் உயிர்க்கின்றன. பேசுபவர் மூச்சு வாங்கினால் பின்னணி சாகாது. பின்னணியும் சேர்ந்து செத்தால் அது நிரப்பல் என்று முடிவு கட்டிவிடலாம். பேச்சில் இது விழும் இடத்தைப் பொறுத்து விதவிதமாகக் கேட்கும். நீட்டிச் சொல்லும் ஓர் 'ஆ' நடுவே விழுந்தால், நடுவில் ஒரு 'க்' முளைத்த மாதிரி இருக்கும்.

கடையின் ஒட்டும் மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் தனியாக விரித்து, தனியாக மறுபடி என்கோடு செய்து, பிறகு வரிசையாக அடுக்கியிருந்தது. தலை மௌனம், வால் மௌனம், `Info` ஃப்ரேம் எல்லாம் ஃபைலின் நடுவில் புதைந்துவிட்டன. நடுவில் புதைந்த குறிப்பை எந்த பிளேயரும் நறுக்கலுக்குப் பயன்படுத்தாது. அந்த ஃபைலை ஒதுக்கிவிட்டு ரெக்கார்டரின் அசல் துண்டுகளைக் கேட்டு வாங்கினோம்.

அசல் துண்டுகளில் ஒரு முக்கியமான கேள்வி: ரெக்கார்டர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்கோடரை நிறுத்தித் தொடங்குகிறதா, அல்லது ஒரே ஓட்டத்தை ஃபைல்களாக மட்டும் வெட்டுகிறதா? ஒரே ஓட்டம் என்றால் துண்டுகளைத் தனித்தனியே விரிப்பதுதான் தவறு. எம்பி3-இல் ஒரு ஃப்ரேமின் தரவு 511 பைட் வரை முந்தைய ஃப்ரேம்களுக்குள் கடன் வைத்திருக்கும். துண்டின் முதல் ஃப்ரேமுக்கு வேண்டியது முந்தைய ஃபைலில் மாட்டிக்கொண்டிருக்கலாம். தனியாக விரித்தால் அந்த ஃப்ரேம் பாழ். பைட்டுக்குப் பைட் ஒட்டிவிட்டு விரித்தால் கடன் தீர்ந்துவிடும்.

```
cat r01.mp3 r02.mp3 r03.mp3 r04.mp3 r05.mp3 > day1.mp3
ffmpeg -i day1.mp3 day1.wav
```

ஒட்டிய இடத்தில் பின்னணி இரைச்சல் சாகாமல் ஓடினால் ஒரே ஓட்டம்தான். இங்கே அப்படித்தான் இருந்தது. ஐந்து இரவும் டிக் இல்லாமல் வந்தன. துண்டுகளின் தலையில் ஐடி3 குறிப்பு இருந்தால் `cat`-க்கு முன் `id3v2 -D` கொடுத்து நீக்கிக்கொள்ள வேண்டும்.

இரைச்சல் செத்தால், துண்டுகள் தனித்தனி என்கோடு. அவற்றில் லேம் குறிப்பு இருந்தால் ஒவ்வொன்றையும் ffmpeg வைத்து வேவ் ஆக்கி ஒட்டலாம். நறுக்கல் தானே நடக்கும். குறிப்பும் இல்லை என்றால் வேவில் தட்டையான பகுதியைக் கையால் தேர்ந்து நீக்கி, ஒட்டும் இடத்தில் 5 மில்லிசெகண்டு ஒன்றுக்குள் ஒன்று கரையவிட வேண்டும். ஐந்து இரவுக்கு இருபது ஒட்டு. ஒரு மத்தியான வேலை.

முடிவான வடிவத்தில் தலைப்பு வாரியாகத் தாவ வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக மறுபடி வெட்டினால் மறுபடி அதே நோய். இரவுக்கு ஒரே எம்4பி ஃபைல், உள்ளே அத்தியாயக் குறிகள்.

```
;FFMETADATA1
[CHAPTER]
TIMEBASE=1/1000
START=0
END=1214000
title=கடவுள் வாழ்த்து
```

இப்படி ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பத்தி எழுதி, chap.txt என்று சேமித்து:

```
ffmpeg -i day1.wav -i chap.txt -map 0:a -map_metadata 1 -c:a aac -b:a 64k -ac 1 day1.m4b
```

ஏ.ஏ.சி.க்கும் தாமதம் உண்டு. ffmpeg-இன் சொந்த என்கோடரில் 1024 சாம்பிள். ஆப்பிளின் என்கோடரில் 2112, அதாவது 48 மில்லிசெகண்டு. ஆனால் ஃபைல் ஒன்று என்பதால் அது தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே வரும், பேச்சு தொடங்குமுன். அத்தியாயக் குறி வெறும் நேர முத்திரை. ஒலியை அது வெட்டுவதில்லை. 64 கிலோபிட் மோனோவில் 100 நிமிடம் 48 எம்.பி. அத்தியாயம் காட்டத் தெரியாத பிளேயரிலும் இடைவெளி இல்லாமல் ஓடும், தாவல் மட்டும் கிடைக்காது. மைக் செட் போர்டு எம்4பி-யைத் திறக்காது. அதற்கு அதே வேவிலிருந்து இரவுக்கு ஒரு எம்பி3. அதை நிலையான பிட்ரேட்டில் போட்டோம். மாறும் பிட்ரேட்டில் போட்டால் இப்படிப்பட்ட போர்டுகளில் நேரக் கணக்கும் முன்னால் தள்ளி ஓட்டுவதும் தாறுமாறாகும்.

பென்டிரைவில் ஏற்றும்போது ஐந்தையும் ஒரே தேர்வில் இழுத்துப் போடவில்லை. பல போர்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, ஃபைல்கள் எழுதப்பட்ட வரிசையில் ஓட்டுகின்றன. பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு, முதல் இரவு முடிந்ததும் இரண்டாம் இரவு என்று ஒவ்வொன்றாக நகலெடுத்தோம்.